ஒரு கழித்தல் கணக்கு சொன்னது

அந்த லேப் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். வயிற்று நீரில் புரதம் 3.6 கிராம். அதன் பக்கத்திலேயே கையெழுத்தில் 'எக்சுடேட், டிபி?' என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குறி அடுத்த தாளுக்குப் போவதற்குள் காணாமல் போயிருந்தது. அடுத்த தாள், டிபி மாத்திரைக்கான சீட்டு.

அந்த அம்மாவுக்கு 38 வயது. தையல் வேலை செய்பவர். இரண்டு மாதமாக ஒருநாளும் தவறாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறார். வயிறு மட்டும் இறங்கவில்லை. மாத்திரை சேராமல் வாந்தியும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏற்றமும்தான் மிச்சம். கைகால் எல்லாம் மெலிந்து, நிறைமாதக் கர்ப்பிணிபோல வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. கூட வந்த கணவர் கேட்டார்: "சார், தண்ணியை ஏற்கெனவே எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்களே. திரும்பவும் ஊசி போடணுமா?"

போடத்தான் வேண்டியிருந்தது. முதல்முறை எடுத்த நீரில் அளக்காமல் விட்ட ஒன்று இருந்தது. அது ஆல்புமின்.

வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை நம் பெரியவர்கள் மகோதரம் என்றார்கள். குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வுப்பை இருக்கிறது. ஆரோக்கியமான உடம்பில் அதற்குள் சில ஸ்பூன் ஈரம்தான் இருக்கும். அங்கே லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்தால் அடிப்படையில் இரண்டு வழிகளில் ஒன்றில்தான் வந்திருக்க முடியும். கல்லீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறி அங்கிருந்து பிதுங்கி வழிந்திருக்கலாம். அல்லது அந்தச் சவ்வே டிபியாலோ புற்றுநோயாலோ புண்பட்டு நீர் சுரந்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறுவேறு. முதல்வகைக்கு உப்பைக் குறைப்பதும் நீர் பிரியும் மாத்திரையும் கேட்கும். இரண்டாம்வகைக்கு அவை பெரும்பாலும் கேட்காது; டிபியானால் டிபிக்கு, புற்றானால் புற்றுக்கு என்று மூலத்துக்குத்தான் மருந்து தேட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வயிறும் ஒரே வயிறுதான். ஊசியில் வரும் நீரும் பல நேரம் ஒரே வைக்கோல் நிறம்தான்.

இதைப் பிரிக்கப் பல காலம் டாக்டர்கள் நம்பியது மொத்தப் புரதத்தை. நீரில் புரதம் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 2.5 கிராமுக்கு மேல் இருந்தால் எக்சுடேட்: சவ்வு புண்பட்டிருக்கிறது. குறைவாக இருந்தால் டிரான்சுடேட்: அழுத்தத்தால் கசிந்தது. நெஞ்சுக்கூட்டில் சேரும் நீருக்கு இப்படி ஒரு பாகுபாடு உதவும் என்பதால் வயிற்றுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வயிற்றில் அது பாதிக்குப் பாதி தவறியது.

ஏன் தவறியது என்று புரிய, நீர் எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். மாவடு ஊறப் போடும்போது கவனித்திருப்பீர்கள். வடுவின் மேல் உப்பைத் தூவி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும். வெளியே இருக்கிற உப்பு உள்ளே இருக்கிற நீரை இழுக்கிறது. ரத்தக் குழாய்க்குள் அந்த உப்பின் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஆல்புமின் என்ற புரதம். கல்லீரல் தயாரிப்பது. குழாயை விட்டு நீர் ஓடிவிடாமல் இழுத்துப் பிடித்து வைப்பது அதுதான். குழாய்க்குள் இருக்கும் ரத்த அழுத்தமோ நீரை வெளியே தள்ளுகிறது. தள்ளுவதும் இழுப்பதுமான இந்த இழுபறியை 1896-இல் எழுதி வைத்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர்.

இப்போது கல்லீரலுக்கு வருவோம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே வழி அடைபட்டால் பின்னால் அழுத்தம் ஏறும். இதுதான் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையில் 120 என்று பார்க்கிறோமே, அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில் போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமாக ஐந்தைத் தாண்டாது. கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் நோயில் அது பத்து, பன்னிரண்டைத் தொட்ட பிறகுதான் பொதுவாக வயிற்றில் நீர் சேர ஆரம்பிக்கிறது.

அழுத்தம் ஏறினால் நீர் வெளியே தள்ளப்படுகிறது. ஆனால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்க முடியாது. ஏதோ ஒரு புள்ளியில் தள்ளும் பலமும் இழுக்கும் பலமும் சமப்பட்டாக வேண்டும். தள்ளும் பலம் கூடியிருப்பதால் இழுக்கும் பலமும் அதற்கு ஈடாக இருந்தால்தான் தராசு நிற்கும். இழுக்கும் பலம் என்பது உள்ளே இருக்கும் ஆல்புமினுக்கும் வெளியே இருக்கும் ஆல்புமினுக்கும் உள்ள இடைவெளி. ஆகவே அழுத்தத்தால் வந்த நீர் என்றால், ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினைவிட வயிற்று நீரில் இருக்கும் ஆல்புமின் கணிசமாகக் குறைவாக இருக்கும். சவ்வு புண்பட்டு வந்த நீர் என்றால் அந்தச் சமன்பாட்டுக்கு அவசியமே இல்லை. ஆல்புமின் தாராளமாக வெளியே வந்து, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நெருங்கி நிற்கும்.

எனவே நீரில் எவ்வளவு புரதம் என்பதைவிட, ரத்தத்துக்கும் நீருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. ரத்த ஆல்புமினிலிருந்து வயிற்று நீர் ஆல்புமினைக் கழியுங்கள். விடை 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் போர்ட்டல் அழுத்தம் ஏறியிருக்கிறது. அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இந்த வித்தியாசத்துக்குத்தான் எஸ்.ஏ.ஏ.ஜி. என்று பெயர். வார்டில் 'சாக்' என்போம். வகுத்தல் கிடையாது, விகிதம் கிடையாது, வெறும் கழித்தல்.

ஆல்புமின் வித்தியாசத்துக்கும் போர்ட்டல் அழுத்தத்துக்கும் உள்ள உறவை 1983-இல் ஜான் ஹோஃப்ஸ் காட்டினார். 1992-இல் அமெரிக்காவில் புரூஸ் ரன்யனும் கூட்டாளிகளும் ஒரே சமயத்தில் எடுத்த ரத்தமும் வயிற்று நீருமாக 901 ஜோடி மாதிரிகளை வைத்து இரண்டு முறைகளையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். நீர் சேர்ந்த காரணத்தைச் சரியாகப் பிரித்துச் சொன்னதில் சாக்குக்கு 96.7 சதவீதம். எக்சுடேட், டிரான்சுடேட் பாகுபாட்டுக்கு 55.6 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்குமே என்று நினைக்கும்போது, அந்தப் பழைய சொற்களை ரிப்போர்ட்டில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. இன்றும் பார்க்கிறேன்.

அந்த அம்மாவைப் படுக்கவைத்து, இடதுபக்க இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி இடம் குறித்தோம். மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் ஊசியை நுழைக்க வேண்டும். பிறகு தோலை விட்டால் தோலின் துளையும் உள்ளே இருக்கும் துளையும் நேர்கோட்டில் இருக்காது. நீர் கசிந்துகொண்டே இருக்காது. சிரிஞ்சில் தெளிந்த மஞ்சள் நீர் ஏறியது. கொஞ்சம் ஊதா மூடிக் குழாயில் செல் எண்ணிக்கைக்கு. கொஞ்சம் அங்கேயே, கட்டில் பக்கத்திலேயே, கல்ச்சர் பாட்டிலில். மீதி சாதாரணக் குழாயில் ஆல்புமினுக்கும் புரதத்துக்கும். அதே நேரத்தில் கையிலிருந்து ரத்தம். இந்த 'அதே நேரம்' முக்கியம். ரத்த ஆல்புமின் நேற்று எடுத்ததாகவும் நீர் இன்று எடுத்ததாகவும் இருந்தால் கழித்து வரும் எண்ணை நம்ப முடியாது. இரண்டும் ஒரே லேபுக்கு, ஒரே மெஷினுக்குப் போக வேண்டும்.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. ரத்த ஆல்புமின் 3.4. வயிற்று நீர் ஆல்புமின் 1.8. கழித்தால் 1.6. நீரின் மொத்தப் புரதம் முன்பு போலவே 3.6. வெள்ளணுக்கள் 180, பெரும்பாலும் லிம்போசைட். டிபியில் ஏறும் ஏ.டி.ஏ. என்ற என்சைம் 14 மட்டுமே. டிபி பெரிட்டோனியத்தில் அது வழக்கமாக 36, 40-ஐத் தாண்டி நிற்கும்.

1.6 என்றால் அழுத்தம். ஆக இந்த நீர் சவ்வின் புண்ணிலிருந்து வரவில்லை. ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. அழுத்தம் இருக்கிறது என்றுதான் சாக் சொல்லும்; அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. சிரோசிஸ்தானோ? கள், சாராயம் தொடாத பெண்மணி. மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கான சோதனைகள் எல்லாம் நெகட்டிவ். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கவில்லை, மாறாக வீங்கி இருந்தது.

இங்கேதான் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த 3.6, தூக்கிப்போட வேண்டிய எண் அல்ல என்று தெரிகிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அதற்குத் தகுதியில்லை. சாக் பதில் சொன்ன பிறகு இரண்டாம் கேள்விக்கு அதுவே நல்ல சாட்சி.

கல்லீரலுக்குள் ரத்தம் பாயும் நுண்குழாய்களுக்குச் சைனுசாய்டு என்று பெயர். உடம்பின் மற்ற நுண்குழாய்களைப் போல அவை இறுக்கமானவை அல்ல. சல்லடை மாதிரி துளை துளையாக இருக்கும். புரதம் எளிதாக வெளியேறும். சிரோசிஸில் அந்தச் சுவர் நாளடைவில் தழும்பேறித் தடித்து, துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது அழுத்தம் தள்ளினாலும் புரதம் அதிகம் வராது, நீர்தான் வரும். அதனால்தான் சிரோசிஸ் நீரில் மொத்தப் புரதம் பொதுவாக 2.5-க்குக் கீழே. ஒரு குடிநோயாளியின் ரிப்போர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ரத்த ஆல்புமின் 2.6, நீரில் 0.7, வித்தியாசம் 1.9, மொத்தப் புரதம் 1.3. பார்த்தவுடன் சிரோசிஸ் முகம் தெரிந்துவிடும். ஆனால் கல்லீரல் நன்றாக இருந்து, அதைத் தாண்டி மேலே இதயப் பக்கம் வழி அடைபட்டிருந்தால்? அழுத்தம் பின்னோக்கி வந்து அதே சைனுசாய்டில் ஏறும். சல்லடைத் துளைகளோ திறந்தேதான் இருக்கின்றன. புரதமும் சேர்ந்து வழியும். சாக் அதிகம், புரதமும் அதிகம். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் கல்லீரலை விட்டுவிட்டு அதற்கு மேலே தேட வேண்டும்: பலவீனப்பட்ட இதயம், இதய உறை, கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் புதிதாக உறைந்த ரத்தம்.

அந்த அம்மாவைத் தலையணையில் பாதி சாய்ந்தவாறு உட்காரவைத்துக் கழுத்தைப் பார்த்தேன். ஊரில் 'கழுத்து நரம்பு' என்போமே, அந்தச் சிரை காதுமடல் வரை புடைத்து நின்றது. "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றேன். மூச்சை இழுத்தால் அது தணிய வேண்டும். இன்னும் மேலே ஏறியது. குஸ்மால் அறிகுறி என்பார்கள். இதயம் விரிய முடியாமல் இறுகியிருப்பதன் அடையாளம். சிரோசிஸில் மட்டும் கழுத்து இப்படிப் புடைக்காது. இரண்டு மாதமாக எத்தனையோ பேர் அந்த வயிற்றைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தைப் பார்க்க எண் எதுவும் தூண்டவில்லை. தூண்டியிருக்க வேண்டிய எண்ணை யாரும் கேட்கவில்லை.

பக்கவாட்டில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தைச் சுற்றி முட்டை ஓடுபோல வெள்ளைக் கோடு. எக்கோவும் சி.டி.யும் உறுதி செய்தன. இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறை சுண்ணாம்பேறி இறுகிவிட்டிருந்தது. இதில் கால் வீக்கத்துக்கு முன்பே வயிறு உப்புவதும் உண்டு. அதனாலேயே பலர் கல்லீரல் வியாதி என்று அலைகிறார்கள். துருவிக் கேட்டபோது ஒரு விஷயம் சொன்னார். இருபது வயதில் நெஞ்சில் நீர் கோத்து டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்திவிட்டிருக்கிறார். இந்தியாவில் இதய உறை இப்படி இறுகுவதற்கு முதற்காரணம் டிபிதான். ஆக முதலில் பார்த்த டாக்டர் டிபியை நினைத்ததில் முழுத் தவறு இல்லை. டிபி வந்துபோன இடம் வேறு, காலம் வேறு. இப்போது வயிற்றில் இருந்தது பதினெட்டு வருடத் தழும்பின் விளைவு. தழும்புக்கு மாத்திரை கிடையாது, கத்திதான்.

சாக்கின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு மூன்று முறை அது தவறும் என்றால், எப்போது தவறும் என்று தெரிந்திருப்பது நல்லது.

ரத்த ஆல்புமினே 1.1-க்குக் கீழே போய்விட்டால் கழிப்பதற்கே இடமில்லை. வித்தியாசம் பொய்யாகக் குறையும். ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு அழுத்தங்கள் எல்லாம் விழுந்திருக்கும். சாக்கும் விழுந்து காட்டும். நீர் பால்போல வந்தால் அதில் இருக்கும் கொழுப்பு ஆல்புமின் அளவையைக் குழப்பி, சாக்கைப் பொய்யாக உயர்த்தும். இன்னொன்று மெஷினின் சிக்கல். ஆல்புமினை அளக்கும் சாய முறை ரத்தத்தின் அளவுகளுக்கு என்று அமைக்கப்பட்டது. நீரில் 0.5, 0.6 என்று கீழே போகும்போது அதன் துல்லியம் குறைகிறது. விடை 2.0 என்றால் இந்தச் சிறு பிழை எதையும் மாற்றாது. 1.0 என்றோ 1.2 என்றோ வந்தால் நான் அந்த ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுப்பதில்லை. மறுபடி ஜோடியாக எடுத்து அனுப்புவேன். கதவின் நிலைப்படியில் நிற்பவரை உள்ளே இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, வெளியே இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு ஒன்று: ஒரே வயிற்றில் இரண்டு காரணங்கள். நம் ஊரில் குடியால் கல்லீரல் கெட்டவருக்கே டிபியும் வருகிறது. பிடிப்பதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு அது. கல்லீரல் நன்றாக இருப்பவருக்குப் பெரிட்டோனியத்தில் டிபி வந்தால் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: ரத்த ஆல்புமின் 3.1, நீரில் 2.5, வித்தியாசம் 0.6. தெளிவான பதில். அதே டிபி சிரோசிஸ்காரருக்கு வந்தால் போர்ட்டல் அழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும், சாக் 1.1-க்கு மேலேயே நிற்கும். 'சாக் அதிகம், ஆகவே டிபி இல்லை' என்று அங்கே எழுதினால் அது பெரிய பிழை. அழுத்தம் இருப்பதை மட்டுமே அது சொன்னது. கூட வேறொன்றும் இருக்கிறதா என்று அதைக் கேட்கக் கூடாது. அதற்கு லிம்போசைட் எண்ணிக்கை, ஏ.டி.ஏ., கல்ச்சர், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி வைத்து சவ்விலிருந்து சதைத் துணுக்கு என்று போக வேண்டும்.

நீரில் பாக்டீரியா தொற்றிக்கொள்வதும் அப்படித்தான். சிரோசிஸ் நீரில் தானாகவே கிருமி வளர்வதுண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை. சாக் அதற்கு அசைந்தே கொடுக்காது. பழைய பாகுபாடு இங்கே இன்னும் மோசமாக ஏமாற்றியது: தொற்று என்றால் எக்சுடேட்டாகத்தானே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கும் நீரில்தான் கிருமிக்கு எதிரான சரக்கு குறைவு. அங்கேதான் அது செழிக்கிறது. இதைச் சொல்வது செல் எண்ணிக்கை மட்டுமே. ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் 250-ஐத் தொட்டால் கல்ச்சருக்குக் காத்திராமல் மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் சிரோசிஸ் நோயாளிக்கு நீர் வற்ற வற்ற புரதம் கெட்டிப்பட்டு 2.5-ஐத் தாண்டிவிடலாம். மொத்தப் புரதத்தை மட்டும் பார்ப்பவருக்குத் திடீரென்று நோயே மாறிவிட்டதுபோலத் தோன்றும். சாக் அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும். அழுத்தம் மாறவில்லையே.

சாக் அதிகமான சிரோசிஸ் நோயாளிக்கு நான் எழுதுவது வழக்கமாக ஸ்பைரோனோலாக்டோன் 100 மில்லிகிராம், ஃபுரோசமைடு 40. அதோடு நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விடச் சொன்னால் முகம் வாடிவிடும். ஐந்து லிட்டருக்கு மேல் ஒரே நாளில் நீர் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு முதல் எட்டு கிராம் ஆல்புமின் நரம்பில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகம் முரண்டு பிடிக்கும். இதே மாத்திரைகளை டிபி வயிற்றுக்குக் கொடுத்தால் வயிறு அப்படியே இருக்க, ரத்தக் குழாய்தான் வற்றும், மயக்கம் வரும்.

அந்த அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள் உறையை உரித்து எடுத்தார்கள். சில இடங்களில் தட்டினால் டக் டக்கென்று சத்தம் வந்ததாம், அவ்வளவு சுண்ணாம்பு. பரிசோதனையில் பழைய தழும்புதான் தெரிந்தது, உயிரோடு டிபி கிருமி இல்லை. டிபி மாத்திரை நிறுத்தப்பட்டது. என்சைம்கள் தாமாகவே இறங்கின. மூன்று மாதம் கழித்து வந்தார். தானே தைத்த ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தார். பழைய அளவுக்கு உடம்பு திரும்பியிருந்தது. சாயவைத்துப் பார்த்தேன். கழுத்தில் சிரை தெரியவில்லை.